பரிந்துரைக் கடிதத்தைச் சுருக்கும்போது பாராட்டின் அளவு மாறாமல் இருக்க: நான்கு வழிகள், எது எப்போது

முனைவர் பட்டச் சேர்க்கைக்கான ஃபைல்களைத் தயார் செய்பவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. குழுவில் ஆறேழு பேராசிரியர்கள் இருப்பார்கள். விண்ணப்பம் நூற்றுக்கு மேல், ஒவ்வொன்றிலும் மூன்று பரிந்துரைக் கடிதங்கள். "எல்லாவற்றையும் எங்களால் படிக்க முடியாது, சுருக்கிக் கொடுங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். சுருக்கினால் எழுதியவர் சொன்னதைவிடப் பாராட்டு கூடிவிடுகிறது, இல்லையென்றால் குறைந்துவிடுகிறது. சொந்தச் சொற்களில் எழுதுவதா, மேற்கோளாக வெட்டி எடுப்பதா, மதிப்பெண் கட்டத்தில் போடுவதா?

நான் பார்த்தவரை இதற்கு நான்கு வழிகள் உண்டு. நான்கையும் ஒரே கடிதத்தின் மேல் போட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அதற்கு நம் ஊரோடு தொடர்புள்ள கடிதம் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

## எடுத்துக்கொண்ட கடிதம்

1913 பிப்ரவரியில் கில்பர்ட் வாக்கர் சென்னை வந்திருந்தார். அப்போது அவர் சிம்லாவில் இந்திய வானிலை ஆய்வகங்களின் தலைமை இயக்குநர். அதற்கு முன் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் ஃபெலோவாக இருந்த கணிதக்காரர். துறைமுகக் கழகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனின் கணக்குகளை அங்கே அவருக்குக் காட்டினார்கள். பார்த்த கையோடு சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். அதன் முக்கியப் பகுதி தமிழில் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

> நான் பார்த்த வேலை, சுயசிந்தனையில் கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் கணித ஃபெலோவின் வேலையோடு ஒப்பிடத்தக்கது என்று எனக்குப் பட்டது. ஆனால் அவருடைய சூழ்நிலையில் எதிர்பார்க்கக்கூடிய விதத்தில், அந்த முடிவுகள் எங்கும் பொருந்தும் என்று ஏற்பதற்குத் தேவையான முழுமையும் துல்லியமும் அதில் குறைவாகத் தெரிகின்றன. அவர் வேலை செய்துள்ள தூய கணிதக் கிளைகளில் எனக்குத் தனித்தேர்ச்சி இல்லை. ஆகவே அவருடைய திறமையை நம்பகமாக மதிப்பிட என்னால் முடியவில்லை; அது ஐரோப்பியப் புகழ் தேடித் தரும் தரத்தில் இருக்கவும் கூடும். ஆனால் சில ஆண்டுகளாவது பிழைப்புக் கவலை இல்லாமல் அவர் முழு நேரமும் கணிதம் செய்ய வழிசெய்வது பல்கலைக்கழகத்துக்குத் தகும் என்பது எனக்கு முற்றிலும் தெளிவாக இருந்தது.

இந்தக் கடிதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இதில் பாராட்டு ஒரே அளவில் இல்லை என்பதுதான். சுயசிந்தனை பற்றிய பாராட்டு மிக உயரம். துல்லியம் பற்றிக் குறை இருக்கிறது. ஒட்டுமொத்தத் திறமை பற்றி "மதிப்பிட முடியவில்லை" என்கிறார். செய்ய வேண்டியது என்ன என்பதில் மட்டும் அவருக்குத் துளி சந்தேகமும் இல்லை. நல்ல கடிதங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். "இது எவ்வளவு வலுவான கடிதம்?" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் தப்பாகத்தான் வரும். எந்தக் கூற்று எவ்வளவு வலு என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், வலு அப்படியே வருகிறதா என்பது. பாராட்டின் வலு பெயரடையில் மட்டும் இல்லை. "சிறந்த" என்ற சொல் எல்லாக் கடிதத்திலும் உண்டு. அதனால் ஒன்றும் தெரியாது. வலு நான்கு இடங்களில் ஒளிந்திருக்கிறது. யாரோடு ஒப்பிடுகிறார் என்பது ஒன்று: இந்த வகுப்பில் உள்ளவர்களோடா, இருபது வருடத்தில் பார்த்த எல்லோரோடுமா? எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்பது இரண்டாவது: "இருக்கிறது", "இருக்கும் என்று நினைக்கிறேன்", "இருக்கவும் கூடும்" மூன்றும் மூன்று படிகள். எதைப் பார்த்துச் சொல்கிறார் என்பது மூன்றாவது: ஆய்வகத்தில் கூடவே வேலை செய்தாரா, வகுப்பில் மார்க் போட்டதோடு சரியா? நான்காவது, எந்த எல்லைக்குள் சொல்கிறார்: "சுயசிந்தனையில்", "சோதனை வேலையில்", "குழுவாக வேலை செய்வதில்".

இரண்டாவது அளவுகோல், திரும்பிப் போக முடிகிறதா என்பது. குழு உறுப்பினர் ஒருவர் "நிஜமாகவே இப்படிச் சொன்னாரா?" என்று கேட்டால், கடிதத்தில் அந்த இடத்தை அரை நிமிடத்தில் காட்ட முடிய வேண்டும்.

மூன்றாவது, விண்ணப்பதாரர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறதா. நான்காவது, நேரம். ஐந்தாவது ஒன்றும் உண்டு, அதை யாரும் எழுதி வைப்பதில்லை: சுருக்குபவரின் குரல் எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது.

## வழி 1: சொந்தச் சொற்களில் ஒரு பத்தி

எல்லோரும் முதலில் செய்வது இதுதான். படிக்க எளிது, வேகமும் அதிகம். ஒரு பக்கக் கடிதத்துக்கு ஐந்து நிமிடம் போதும். வாக்கர் கடிதத்தை அவசரத்தில் சுருக்கினால் இப்படி வரும்:

"கேம்பிரிட்ஜ் ஃபெலோவுக்கு இணையானவர், ஐரோப்பியப் புகழ் பெறக்கூடியவர் என்று ராமானுஜனைப் பாராட்டி, ஆதரவளிக்குமாறு வாக்கர் வலுவாகப் பரிந்துரைக்கிறார்."

பொய் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் நான்கு இடத்தில் அளவு ஏறியிருக்கிறது. "சுயசிந்தனையில்" என்ற எல்லை போய்விட்டது. "நான் பார்த்த வேலை" என்பது "அவர்" ஆகிவிட்டது. வேலையைப் பற்றிச் சொன்னது ஆளைப் பற்றியதாக மாறிவிட்டது. "இருக்கவும் கூடும்" என்பது "பெறக்கூடியவர்" ஆனபோது சாத்தியம் திறமையாகிவிட்டது. துல்லியக் குறையும் "எனக்குத் தனித்தேர்ச்சி இல்லை" என்ற ஒப்புதலும் மொத்தமாகக் காணோம்.

இதே கடிதத்தைக் கொஞ்சம் கறாரான ஒருவர் சுருக்கினால் எதிர்ப்பக்கம் சரியும்: "முடிவுகளில் முழுமையும் துல்லியமும் இல்லை என்றும், திறமையை மதிப்பிடத் தனக்குத் தகுதி இல்லை என்றும் கூறி, சில ஆண்டுகள் ஆதரிக்கலாம் என்கிறார்." இதிலும் பொய் இல்லை. "அவருடைய சூழ்நிலையில் எதிர்பார்க்கக்கூடிய விதத்தில்" என்ற தணிப்பை எடுத்ததும் குறை இரண்டு மடங்காகக் கேட்கிறது. "குறைவாகத் தெரிகின்றன" என்பது "இல்லை" ஆகிவிட்டது. "முற்றிலும் தெளிவாக இருந்தது" என்பது வெறும் "லாம்" ஆகிவிட்டது.

இந்த வழியின் மறைமுகச் செலவு இங்கேதான் இருக்கிறது. ஒருவரே எண்பது கடிதம் சுருக்கினால், இருபதாவதுக்குப் பிறகு எல்லாக் கடிதமும் அவருடைய நடைக்கு வந்துவிடும். "மிகச் சிறந்த மாணவர், வலுவாகப் பரிந்துரைக்கிறார்" என்ற ஒரே வாக்கியம் வேறு வேறு பெயரோடு வரிசையாக நிற்கும். எழுதியவர் யோசித்துப் போட்ட படிநிலை முழுவதும் தட்டையாகிவிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஃப்ரான்சஸ் ட்ரிக்ஸ், கரோலின் சென்கா என்ற இருவர் அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் பணிக்கு வந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்களை ஆராய்ந்து 2003-இல் எழுதினார்கள். பெண்களுக்கு எழுதிய கடிதங்கள் சராசரியாகச் சிறியவை; சந்தேகம் கிளப்பும் வாக்கியங்கள் அவற்றில் அதிகம். கடிதம் எழுதுபவருக்கே இப்படி அறியாமல் நடக்கிறதென்றால், அதை மறுபடி சொந்தச் சொல்லில் எழுதுபவர் அதன் மேல் தன்னுடையதையும் ஒரு அடுக்கு சேர்க்க வாய்ப்பிருக்கிறது. சுருக்கத்தில் அதைக் கண்டுபிடிக்க வழியும் இல்லை, மூலத்தை யாரும் படிக்கப் போவதில்லையே.

எப்போது சரி? முதல் வடிகட்டலில், "அடிப்படைத் தகுதி இருக்கிறதா" என்று மட்டும் பார்க்கும் கட்டத்தில் சரி. அங்கே பாராட்டின் அளவு தீர்மானத்தை மாற்றாது. அப்போதும் ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள்: கடிதத்தில் இல்லாத பெயரடை, வினையடை எதையும் புதிதாகப் போடக் கூடாது. "வலுவாக" என்று அவர் எழுதவில்லை என்றால் நீங்களும் எழுதாதீர்கள்.

## வழி 2: மேற்கோள் துண்டுகள்

எழுதியவரின் வாக்கியங்களையே மூன்று நான்கு எடுத்து வரிசையாக வைப்பது. வலு மாற வாய்ப்பில்லை என்றுதான் முதலில் தோன்றும். பாதி உண்மை. வாக்கியத்துக்குள் வலு மாறாது. ஆனால் எந்த வாக்கியத்தை எடுத்தோம் என்பதில் மாறும்.

வாக்கர் கடிதத்தில் ஒருவர் "கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் கணித ஃபெலோவின் வேலையோடு ஒப்பிடத்தக்கது... ஐரோப்பியப் புகழ் தேடித் தரும் தரத்தில்..." என்று எடுக்கிறார் என்று வையுங்கள். எல்லாச் சொல்லும் வாக்கருடையது, ஆனால் கடிதம் வாக்கருடையது இல்லை. அந்த மூன்று புள்ளிகளுக்குள் ஒரு "ஆனால்", ஒரு "முடியவில்லை", ஒரு "கூடும்" மூன்றும் மூழ்கிவிட்டன. சினிமா விளம்பரத்தில் விமர்சன வரிகளை வெட்டிப் போடுவதைப் போலத்தான்.

ஆகவே மேற்கோள் வழியில் போகிறவர்களுக்குச் சில கட்டுப்பாடுகள் வேண்டும். வாக்கியத்தை நடுவில் வெட்டக் கூடாது. "ஆனால்", "இருந்தாலும்", "என்றாலும்" என்று தொடங்கும் வாக்கியம் அதற்கு முந்தைய வாக்கியத்தோடு சேர்ந்தே வர வேண்டும், இரண்டும் அல்லது எதுவும் இல்லை. கடைசிப் பத்தியில் பரிந்துரைக்கும் அந்த ஒரு வாக்கியத்தை எப்போதும் முழுசாக எடுக்க வேண்டும். ஆங்கிலக் கடிதங்களில் வெறும் பரிந்துரை, வலுவான பரிந்துரை, எந்தத் தயக்கமும் இல்லாத பரிந்துரை என்று அங்கே படிகள் உண்டு. பல பேராசிரியர்கள் அந்த வாக்கியத்தைத்தான் ரொம்ப யோசித்து எழுதுவார்கள். பக்க எண்ணும் பத்தி எண்ணும் பக்கத்தில் இருக்கட்டும்.

இந்த வழியின் பெரிய பலம், திரும்பிப் போவது எளிது என்பது. மறைமுகச் செலவு, சொல்லாமல் விட்டது தெரியாது என்பது. ஆய்வுப் படிப்புக்கான கடிதத்தில் மாணவர் நேரத்துக்கு வருவார், மரியாதையானவர், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எழுதிவிட்டு ஆய்வைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்றால், அந்த மௌனம்தான் செய்தி. மேற்கோளில் மௌனத்தை எடுத்துப் போட முடியாது.

பாராட்டு எதற்காக எழுதப்பட்டது என்பதும் துண்டுகளில் தொலைந்துபோகும். ராமானுஜனுக்கே இன்னொரு கடிதம் இருக்கிறது. 1911-இல் சென்னை மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதியது. வலுவாகப் பரிந்துரைக்க முடியும், கணிதத்தில், முக்கியமாக எண்கள் சார்ந்த வேலையில், மிக அசாதாரணமான திறன் உள்ள இளைஞர், கணக்கிடுவதில் இயல்பான நாட்டம், எண்களைக் கையாள்வதில் மிக வேகம் என்று அதில் வருகிறது. சொற்களை மட்டும் பார்த்தால் இது வாக்கர் கடிதத்தைவிட வலுவாகத் தெரியும். "ஆனால்" ஒன்றுகூட இல்லை. ஆனால் ராமானுஜன் அந்தக் கடிதத்தை 1912-இல் குமாஸ்தா வேலை விண்ணப்பத்தோடு வைத்தார். கணக்கில் வேகம் என்பது கணக்குப் பிரிவுக்குப் பெரிய தகுதி. ஆய்வு உதவித்தொகைக்கு அதன் எடை வேறு. இரண்டு கடிதத் துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால், தயக்கமில்லாத கடிதம் ஜெயித்துவிடும்.

எப்போது சரி? நேர்முகத் தேர்வுக்கு அழைப்பதற்கான பட்டியல் தயாராகும்போது, விண்ணப்பம் முப்பது நாற்பதுக்குள் இருக்கும்போது, சுருக்குபவருக்கு அந்தத் துறை தெரியாதபோது. துறை தெரியாதவர் சொந்தச் சொல்லில் எழுதுவதைவிட மேற்கோள் ஆயிரம் மடங்கு பாதுகாப்பு.

## வழி 3: மதிப்பெண் கட்டம்

கடிதத்தைப் படித்து 1 முதல் 5 வரை ஒரு எண் போடுவது. எக்செல்லில் வரிசைப்படுத்தலாம், குழுத் தலைவருக்குப் பிடிக்கும். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இங்கே இரண்டு வேறு விஷயங்கள் ஒரே பெயரில் உலவுகின்றன, அவற்றைப் பிரிக்க வேண்டும்.

கட்டத்தைக் கடிதம் எழுதியவரே நிரப்பினால் அது அவருடைய சாட்சியம். அமெரிக்கக் கல்லூரிகளுக்கான காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தின் ஆசிரியர் படிவத்தில் இப்படி ஒரு கட்டம் உண்டு. சராசரிக்குக் கீழே என்பதில் தொடங்கி, மேல் பத்து சதவீதம், மேல் ஐந்து சதவீதம், என் பணிக்காலத்தில் சந்தித்த மிகச் சிலரில் ஒருவர் என்று படிகள் ஏறும். "சொல்ல அடிப்படை இல்லை" என்று தனியாக ஒரு கட்டமும் இருக்கிறது. அந்தக் கடைசிக் கட்டம் ரொம்ப முக்கியம். வாக்கரிடம் ஒட்டுமொத்தத் திறமைக்கு ஒரு டிக் போடச் சொல்லியிருந்தால் அவர் கை அங்கேதான் போயிருக்கும்.

அமெரிக்காவில் அவசர மருத்துவத் துறை இன்னும் ஒரு படி மேலே போனது. பயிற்சி இடங்களுக்கு வந்த கடிதங்கள் எல்லாமே ஒரே மாதிரி புகழ்ந்ததால், 1990-களில் ஒரே அமைப்புள்ள கடிதப் படிவத்துக்கு மாறினார்கள். மாணவரை மேல் பத்து சதவீதம், மேல் மூன்றில் ஒரு பங்கு, நடு, கீழ் என்று ஒன்றில் வைக்க வேண்டும். அதோடு, போன வருடம் ஒவ்வொரு இடத்திலும் எத்தனை பேரை வைத்தீர்கள் என்றும் சொல்ல வேண்டும். எழுதிய எல்லோரையும் மேல் பத்து சதவீதத்தில் வைத்தவரின் டிக்குக்கு என்ன மதிப்பு என்பது அந்த எண்ணிலேயே தெரிந்துவிடும்.

கட்டத்தைச் சுருக்குபவர் நிரப்பினால் கதை வேறு. வாக்கர் கடிதத்துக்கு என்ன எண் போடுவீர்கள்? சுயசிந்தனைக்கு 5, துல்லியத்துக்கு 2, சராசரி 3.5 என்றால், அந்த 3.5 கடிதத்தில் எங்கும் இல்லாத ஒரு கருத்து. வாக்கர் அரைகுறையாகப் பாராட்டினார் என்று அது சொல்கிறது. அவர் அப்படிச் செய்யவே இல்லை. தசமப் புள்ளி வந்ததும் குழு அதை அளந்து எடுத்த எண் போல நம்பிவிடும் என்பதுதான் பெரிய மறைமுகச் செலவு. 3.5-க்கும் 3.7-க்கும் நடுவே ஒரு மாணவரின் இடம் போகும். இதைத் திருத்த யாரும் கடிதத்தைத் திறக்கப் போவதில்லை, எண்ணைப் பார்த்தால் திறக்கத் தோன்றவே தோன்றாது.

எப்போது சரி? எழுதியவரே நிரப்பிய படிவம் இருந்தால் அதை அப்படியே எடுத்துப் போடுங்கள். இல்லையென்றால் இந்த வழி வேண்டாம்.

## வழி 4: கேள்விக்கு மேற்கோள்

ஆறு கேள்விகளை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, ஒவ்வொன்றுக்கும் கடிதத்தின் சொற்களிலேயே பதிலை எடுத்து வைப்பது. பதில் இல்லாத இடத்தில் "சொல்லவில்லை" என்று போடுவது. வாக்கர் கடிதம் இதில் இப்படி உட்காரும்:

| கேள்வி | கடிதம் சொல்வது |
|---|---|
| எதைப் பார்த்துச் சொல்கிறார்? | "நான் பார்த்த வேலை". தன் துறை பற்றி: "எனக்குத் தனித்தேர்ச்சி இல்லை" |
| யாரோடு ஒப்பிடுகிறார்? | "கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் கணித ஃபெலோ" |
| எதில் பாராட்டு? | "சுயசிந்தனையில்... ஒப்பிடத்தக்கது என்று எனக்குப் பட்டது" |
| எதில் குறை அல்லது தயக்கம்? | "அவருடைய சூழ்நிலையில் எதிர்பார்க்கக்கூடிய விதத்தில்... முழுமையும் துல்லியமும் அதில் குறைவாகத் தெரிகின்றன". ஒட்டுமொத்தத் திறமை: "நம்பகமாக மதிப்பிட என்னால் முடியவில்லை; அது ஐரோப்பியப் புகழ் தேடித் தரும் தரத்தில் இருக்கவும் கூடும்" |
| என்ன கேட்கிறார், எவ்வளவு உறுதியாக? | "சில ஆண்டுகளாவது... வழிசெய்வது பல்கலைக்கழகத்துக்குத் தகும்", "முற்றிலும் தெளிவாக இருந்தது" |
| பழகும் விதம், குணம் | சொல்லவில்லை |

இதைப் படிப்பவருக்கு ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும்: இவர் ஆளின் அளவைப் பற்றி உறுதியாக இல்லை, வாய்ப்புக் கொடுப்பதைப் பற்றி உறுதியாக இருக்கிறார். குழுவுக்கு முடிவெடுக்கத் தேவையான செய்தி இதுதான். அன்றைக்குச் சென்னைப் பல்கலைக்கழகமும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குத்தான் முடிவெடுத்தது. அதே பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் கணிதக்காரர் ஹார்டி ராமானுஜனின் கடிதத்துக்கு எழுதிய பதிலும் கைக்கு வந்திருந்தது. மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுகள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்று உதவித்தொகை 1913 மே மாதம் தொடங்கியது. பட்டம் இல்லாத ஒருவருக்கு அது.

நான்காவது கேள்வியை நான் எழுதியிருக்கும் விதத்தைக் கவனியுங்கள். ஐரோப்பியப் புகழ் பற்றிய வரி பார்வைக்குப் பாராட்டு போலிருக்கும். ஆனால் வாக்கியத்தில் அது "மதிப்பிட முடியவில்லை" என்பதன் தொடர்ச்சி. அதைப் பிரித்து "எதில் பாராட்டு?" வரிசைக்குக் கொண்டுபோனால், வழி 2-இல் பார்த்த அதே தப்பு கட்டம் போட்டு நடக்கும். ஆகவே இந்த வழியிலும் விதி அதேதான்: ஒட்டியிருக்கும் வாக்கியம் ஒட்டியே வரட்டும், எந்தக் கட்டத்தில் போடுவது என்று சந்தேகம் வந்தால் தயக்கக் கட்டத்தில் போடுங்கள்.

மறைமுகச் செலவு இரண்டு. ஒன்று நேரம், ஒரு பக்கக் கடிதத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும், மூன்று கடிதம் என்றால் ஒரு விண்ணப்பத்துக்கு அரை முதல் முக்கால் மணி நேரம். இன்னொன்று, "சொல்லவில்லை" என்ற கட்டம் சிலருக்குக் குற்றச்சாட்டு மாதிரித் தெரியும். முந்நூறு பேர் வகுப்பில் பாடம் எடுத்தவருக்கு மாணவரின் குணம் தெரிந்திருக்க நியாயமில்லை. அதனால் முதல் கேள்வியை எப்போதும் மேலே வையுங்கள். எதைப் பார்த்துச் சொல்கிறார் என்று தெரிந்துவிட்டால், வெற்றுக் கட்டங்களில் எது இயல்பு, எது யோசிக்க வேண்டியது என்று குழுவே புரிந்துகொள்ளும்.

## ஒரே பார்வையில்

| | சொந்தச் சொல் | மேற்கோள் | நம் மதிப்பெண் | கேள்விக்கு மேற்கோள் |
|---|---|---|---|---|
| வலு அப்படியே வருமா | எளிதில் நழுவும் | வாக்கியத்துக்குள் வரும், தேர்வில் நழுவும் | வராது | பெரும்பாலும் வரும் |
| கடிதத்துக்குத் திரும்ப | கடினம் | எளிது | முடியாது | எளிது |
| பக்கத்தில் வைத்து ஒப்பிட | சுமார் | கடினம் | எளிது போலத் தோன்றும் | எளிது |
| ஒரு கடிதத்துக்கு நேரம் | 5 நிமிடம் | 8 நிமிடம் | 5 நிமிடம் | 10 முதல் 15 நிமிடம் |
| மௌனம் தெரியுமா | சுருக்குபவரைப் பொறுத்தது | தெரியாது | தெரியாது | தெரியும் |

நேரக் கணக்கு ஒரு பக்கக் கடிதத்துக்கு, பழகின கைக்கு.

## நாட்டுக்கு நாடு மாறும் படிகள்

எந்த வழியை எடுத்தாலும் இந்தச் சிக்கல் வரும். அமெரிக்கக் கடிதங்களில் புகழ்ச்சி தாராளம், பிரிட்டிஷ் கடிதங்களில் சிக்கனம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் ஊர்க் கடிதங்களில் ஒழுக்கத்துக்கும் பணிவுக்கும் ஒரு பத்தி நிச்சயம் உண்டு. ஜெர்மானிய வேலைச் சான்றிதழ்களில் இது ஏறத்தாழ ஒரு சங்கேத மொழியாகவே ஆகிவிட்டது. "எங்கள் முழுத் திருப்திக்கு" வேலை செய்தார் என்றால் அங்கே அது நடுத்தரம்தான். அதில் "எப்போதும்" சேர்ந்தால் நல்லது. "எப்போதும் எங்கள் முழு முழுத் திருப்திக்கு" என்கிற அளவுக்கு இலக்கணத்தை மீறினால்தான் முதல் தரம். "முயற்சி செய்தார்" என்றால் ஆள் தேறவில்லை என்று பொருள்.

இதைத் தெரிந்த ஒருவருக்கு, சுருக்கத்திலேயே கொஞ்சம் ஏற்றி இறக்கி "சரி" செய்யத் தோன்றும். செய்யாதீர்கள். சுருக்கத்தில் எழுதியவர் சொன்ன அளவு மட்டும் இருக்கட்டும். "இந்த நாட்டுக் கடிதங்களில் இந்தச் சொல் வழக்கமானது" என்று சொல்ல வேண்டியிருந்தால், கீழே தனிக் குறிப்பாக, குறிப்பு எழுதியவர் பெயரோடு எழுதுங்கள். குழு அதை ஏற்கலாம், தள்ளலாம். சுருக்கத்துக்குள் கலந்துவிட்டால் பிரிக்கவே முடியாது.

## சரியாக வந்ததா என்று பார்க்க

எளிதான ஒரு சோதனை இருக்கிறது. கடிதத்தைப் படிக்காத சக ஊழியர் ஒருவரிடம் சுருக்கத்தை மட்டும் கொடுங்கள். இன்னொருவரிடம் கடிதத்தை மட்டும் கொடுங்கள். இருவரிடமும் அதே மூன்று கேள்விகள்: எழுதியவர் எதைப் பற்றி அதிக உறுதியாக இருக்கிறார், எதைப் பற்றிக் குறைந்த உறுதி, என்ன செய்யச் சொல்கிறார்? பதில்கள் ஒத்துப்போனால் போதும். ஒத்துப்போகாத இடத்தில் என்ன ஆகியிருக்கும் என்று தேடினால், பெரும்பாலும் ஒரு "கூடும்" அல்லது ஒரு "இல்" உருபு விழுந்திருக்கும். எல்லாக் கடிதத்துக்கும் இதைச் செய்ய முடியாது. தொடக்கத்தில் ஐந்தாறு கடிதத்துக்குச் செய்தால் சுருக்குபவரின் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். சிலருக்குக் கை எப்போதும் ஏறும், சிலருக்கு எப்போதும் இறங்கும்.

## அப்போ எதைத் தேர்ந்தெடுப்பது

விண்ணப்பம் நூற்றைம்பது, ஆள் இரண்டு பேர், மூன்று வாரம் என்றால் நான் இப்படிப் பிரிப்பேன். முதல் வடிகட்டலுக்குக் கடிதச் சுருக்கமே வேண்டாம். மதிப்பெண் பட்டியலும் ஆய்வுக் குறிப்பும் போதும். பாராட்டின் அளவு தேவைப்படாத கட்டத்தில் அதைச் சுருக்கித் தப்புப் பண்ணுவானேன்? அடுத்து நாற்பது ஐம்பது பேர் மிஞ்சும்போது வழி 4. நேரம் போதவில்லை என்றால் மூன்று கடிதத்தில் ஆய்வு வழிகாட்டியின் கடிதத்துக்கு வழி 4, மற்ற இரண்டுக்கும் பரிந்துரை வாக்கியத்தோடு சேர்த்து வழி 2. கடைசிப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு வந்ததும் சுருக்கத்தை ஒதுக்கிவிட்டுக் கடிதத்தையே மேஜையில் வைக்க வேண்டும். பத்துப் பேருக்கு முப்பது கடிதம். உறுப்பினர்கள் ஒரு மாலையில் படித்துவிடலாம்.

அரைப் பக்கத்துக்குக் குறைந்த கடிதத்தை எந்தக் கட்டத்திலும் சுருக்காதீர்கள், அப்படியே ஒட்டிவிடுங்கள். 1948-இல் கணித மாணவர் ஜான் நாஷுக்காக அவருடைய பேராசிரியர் ரிச்சர்ட் டஃபின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதம் சில வரிகள்தான். விண்ணப்பித்திருப்பதைச் சொல்கிறார், வயது பத்தொன்பது என்கிறார், ஜூனில் படிப்பு முடிகிறது என்கிறார், "இவர் ஒரு கணித மேதை" என்று முடிக்கிறார். ஒப்பீட்டுக் குழு இல்லை, ஆதாரம் இல்லை, தயக்கமும் இல்லை. வழி 4-இன் கட்டங்களில் போட்டால் பாதிக்கு மேல் "சொல்லவில்லை" என்று வந்து கடிதம் பலவீனமாகத் தெரியும். வழி 1-இல் "மிகச் சிறந்த கணித மாணவர் என்று பாராட்டுகிறார்" என்று எழுதினால் நூறோடு நூற்றொன்றாகிவிடும். அந்த மாதிரிக் கடிதம் வந்தால், எழுதியவர் யார், இப்படி எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறார் என்று ஒரு குறிப்பை மட்டும் கீழே சேர்த்து, கடிதத்தை முழுசாக ஃபைலில் முதல் பக்கமாக வையுங்கள்.